ஜார்ஜெட், ஷிபான், ட்வில், கதர்: துணியின் பெயர் எதைச் சொல்கிறது?

பர்கூரில் ஜவுளிக்கடைகள் வரிசையாக இருக்கும் அந்தச் சாலையில் ஏதாவது ஒரு கடைக்குள் நுழைந்து, தொங்கும் சேலை ஒன்றைக் காட்டி, "அண்ணா, இது என்ன துணி?" என்று கேட்டுப் பாருங்கள். "ஜார்ஜெட்மா" என்பார். அடுத்ததைக் கேட்டால் "ஷிபான்". பக்கத்தில் பேண்ட் துணி இருந்தால் "ட்வில்", அதற்குப் பக்கத்தில் சட்டைத் துணி இருந்தால் "டெரிகாட்டன்". எல்லாமே ஒரே கேள்விக்கான பதில் போலத்தான் கேட்கும், ஆனால் நான்கு பதில்களும் ஒரே விஷயத்தைச் சொல்வதில்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. குட்டி சூரத் என்று பெயர் வாங்கிய ஊர் அது, சூரத்திலிருந்து வரும் சேலை கட்டுக் கட்டாக இறங்கும் இடம். அங்கேயே இந்தக் குழப்பம் இருக்கிறதென்றால், ஆன்லைனில் படத்தைப் பார்த்து வாங்குபவர் நிலையைச் சொல்லவே வேண்டாம்.

ஒரு துணியைப் பற்றி நாம் கேட்க வேண்டியது நான்கு. நூல் எதனால் ஆனது, அதாவது பருத்தியா, பட்டா, பாலியஸ்டரா. அந்த நூலை எவ்வளவு முறுக்கியிருக்கிறார்கள். பாவும் ஊடையும் எப்படிக் கோத்து நெய்திருக்கிறார்கள். நூற்றதும் நெய்ததும் கையாலா, எந்திரத்தாலா. டெரிகாட்டன் என்றால் முதல் கேள்விக்கு மட்டும் பதில்: பாலியஸ்டரும் பருத்தியும் கலந்த நூல். ஜார்ஜெட், ஷிபான் இரண்டும் முக்கியமாக இரண்டாவது கேள்விக்கான பதில். ட்வில் மூன்றாவது. கதர் நான்காவது. ஒரு பெயரைச் சொன்னதும் மற்ற மூன்றும் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வதில்தான் பணமும் போகிறது, துணியும் போகிறது.

நெசவிலிருந்து தொடங்கலாம், அதுதான் கண்ணால் பார்த்தே புரிந்துகொள்ளக்கூடியது. தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருக்கும் நூல் பாவு. அதன் குறுக்கே, இப்பக்கமும் அப்பக்கமும் ஓடும் நாடா கொண்டு போகும் நூல் ஊடை. சேலையில் ஐந்தரை மீட்டர் நீளத்துக்கு ஓடுவது பாவு, கரையிலிருந்து கரைக்குப் போவது ஊடை. வேட்டி, துண்டு, கைக்குட்டை, மல் துணி, சட்டைக்கு எடுக்கும் பாப்ளின் எல்லாவற்றிலும் ஊடை நூல் ஒரு பாவு நூலுக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே என்று மாறி மாறிப் போகும். இது சாதா நெசவு. சாயம் போடாமல், வெளுக்காமல் தறியிலிருந்து இறங்கிய நிலையில் விற்கும் காடாத் துணி பெரும்பாலும் இந்த நெசவுதான், நூல் தடிமனாக இருப்பதால் இதில் மேல்-கீழ் நன்றாகத் தெரியும். பார்த்துப் பழக இதைவிட நல்ல துணி கிடையாது.

ட்வில் எப்படி என்று தெரிய, காகிதத்தைப் பட்டை பட்டையாக வெட்டிக்கொள்ளுங்கள். நீலப் பட்டை ஆறு எடுத்து நீளவாக்கில் அடுக்கி, மேல் முனையை ஒட்டிவிடுங்கள், அது பாவு. வெள்ளைப் பட்டையை ஊடையாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் வெள்ளைப் பட்டை 3, 6 ஆகிய நீலப் பட்டைகளுக்குக் கீழே போகட்டும், மற்றவற்றுக்கு மேலே. இரண்டாவது வெள்ளைப் பட்டை 1, 4க்குக் கீழே. மூன்றாவது 2, 5க்குக் கீழே. நான்காவது மறுபடியும் முதல் பட்டை போலவே. இப்படி ஏழெட்டு வரிசை கோத்துவிட்டு எழுந்து நின்று பாருங்கள், நீலப் புள்ளிகள் சாய்வாக வரிசை கட்டி மூலையை நோக்கி ஓடும். அந்தச் சாய்ந்த கோடுதான் ட்வில். தமிழில் எழுதும்போது சாய்வரி நெசவு என்று எழுதலாம், ஆனால் கடையில் அப்படிக் கேட்டால் யாருக்கும் புரியாது. கடையிலும் இந்த வகைத் துணி எல்லாவற்றையும் ட்வில் என்றே சொல்வதில்லை, துணிக்குத் துணி ஒரு பெயர் வைத்திருக்கிறோம்: ஜீன்ஸ், காக்கி ட்ரில், காட்டன் பேண்ட் துணி. இவை எல்லாம் ஒரே குடும்பம்.

உங்களிடம் இருக்கும் ஜீன்ஸை எடுத்து உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். வெளியே நீலம், உள்ளே வெளுப்பு. அதில் பாவு நூல் மட்டும் நீலச் சாயம் போட்டது, ஊடை வெள்ளை. ஒவ்வொரு ஊடையும் மூன்று பாவு நூலுக்கு அடியில் போய், ஒன்றுக்கு மேல் தலைகாட்டுகிறது, அதனால் வெளிப்பக்கம் முக்கால்வாசி நீலமும் உள்பக்கம் முக்கால்வாசி வெள்ளையும் தெரிகிறது. சாயம் வெளுத்துப்போனதாக நினைத்து உள்பக்கத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

இந்தச் சாய்வு அழகுக்காக மட்டும் வந்ததில்லை. சாதா நெசவில் ஒவ்வொரு நூலும் ஒவ்வொரு இடத்திலும் மேலும் கீழுமாக வளைய வேண்டியிருக்கிறது, வளைவதற்கு இடம் வேண்டும், அதனால் ஒரு அங்குலத்தில் இவ்வளவு நூல்தான் அடிக்கலாம் என்று ஒரு எல்லை வந்துவிடும். சாய்வரியில் நூல் இரண்டு மூன்றைத் தாண்டித்தான் ஒருமுறை வளைகிறது, மிச்சமாகும் இடத்தில் இன்னும் கொஞ்சம் நூலை நெருக்கி அடிக்கலாம். கெட்டியாகவும் இருக்கும், அதே கனத்தில் நெய்த சாதா நெசவை விட மடிந்தும் தொங்கும். பேண்ட்டுக்கும் போலீஸ் காக்கிக்கும் இது பொருந்துவது அதனால்தான். தறியில் வேலை கொஞ்சம் கூடும், சாதா நெசவுக்குப் பாவு நூல்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து ஏறி இறங்கினால் போதும், சாய்வரிக்குக் குறைந்தது மூன்று கூட்டம் வேண்டும்.

தைக்கக் கற்றுக்கொள்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சாய்வரித் துணியில் உள்பக்கம் வெளிப்பக்கம் உண்டு, கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்றும் உண்டு. ஒரு காலுக்கு வெளிப்பக்கமும் இன்னொரு காலுக்கு உள்பக்கமும் வைத்து வெட்டிவிட்டால் கடைக்குள் விளக்கு வெளிச்சத்தில் தெரியாது, வெயிலில் நின்றதும் ஒரு கால் ஒரு நிறம், மறு கால் ஒரு நிறமாகத் தெரியும். வெட்டும் முன்பே உள்பக்கம் முழுக்கச் சாக்பீஸால் ஒரு குறி போட்டுவிடுங்கள்.

சரி, இப்போது ஜார்ஜெட்டுக்கும் ஷிபானுக்கும் வருவோம். இந்த இரண்டில்தான் குழப்பம் அதிகம்.

இரண்டும் சாதா நெசவு. ஆமாம், வேட்டி நெய்த அதே மேல்-கீழ் நெசவுதான். ஆனால் வேட்டிக்கும் ஜார்ஜெட்டுக்கும் தொட்டால் எங்கேயாவது ஒற்றுமை இருக்கிறதா? வித்தியாசம் முழுக்க நூலில் இருக்கிறது, நூலின் முறுக்கில் இருக்கிறது. வழக்கமான பருத்திச் சட்டைத் துணியின் நூலை எடுத்தால் ஒரு மீட்டருக்குச் சுமாராக ஆயிரம் சுற்று முறுக்கு இருக்கும். பட்டு ஜார்ஜெட்டில் இரண்டாயிரத்துக்கும் மேலே போகும். அவ்வளவு முறுக்கிய நூல் சும்மா இருக்காது, பிரியப் பார்க்கும், பிரிய முடியாமல் சுருளும், சுருண்டு துணியை இழுக்கும். அந்த இழுப்பில் துணியின் மேலெல்லாம் மிகச் சின்ன மேடு பள்ளம் உருவாகிறது. ஜார்ஜெட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்தால் ஒரு மொரமொரப்பு தெரியுமே, அது இந்த முறுக்கின் வேலை.

இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. நூலை வலப்பக்கமும் முறுக்கலாம், இடப்பக்கமும் முறுக்கலாம், நூல்காரர்கள் இதை எஸ் முறுக்கு, இசட் முறுக்கு என்பார்கள். எல்லா நூலையும் ஒரே பக்கம் முறுக்கி நெய்தால் எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம் இழுத்து, துணி நீள நீளமான சுருக்கமாகக் கோடு விழுந்துவிடும். அதனால் ஜார்ஜெட்டில் இரண்டு நூல் ஒரு பக்கம் முறுக்கியது, அடுத்த இரண்டு எதிர்ப்பக்கம் முறுக்கியது என்று பாவிலும் வைக்கிறார்கள், ஊடையிலும் வைக்கிறார்கள். ஒன்றின் இழுப்பை இன்னொன்று தடுத்து, துணி முழுக்க ஒரே சீராகச் சுருங்கி நிற்கிறது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஜார்ஜெட் துண்டின் ஓரத்தில் ஊசியால் அடுத்தடுத்து நான்கு நூலை உருவுங்கள். ஒவ்வொன்றையும் தண்ணீரில் நனைத்து, இரண்டு முனையையும் பிடித்து மெதுவாக ஒன்றுக்கொன்று பக்கத்தில் கொண்டு வாருங்கள். நடுவில் நூல் தானாகவே தன்னைச் சுற்றிக்கொண்டு கயிறு மாதிரி திரிந்துவிடும். சட்டைத் துணியின் நூலை இதே மாதிரி செய்தால் இந்த அளவுக்குச் சுருளாது. இரண்டு நூல் ஒரு திசையிலும் அடுத்த இரண்டு எதிர்த்திசையிலும் திரிவது தெரிந்தால் உங்கள் கையில் இருப்பது ஜார்ஜெட் வகை என்று தைரியமாகச் சொல்லலாம். பாலியஸ்டரில் சூடு கொடுத்து முறுக்கை நிலைநிறுத்தியிருப்பதால் சுருளுவது கொஞ்சம் மந்தமாக இருக்கும், ஆனாலும் தெரியும்.

முறுக்கிய நூல் பிரியப் பார்க்கும் என்றால் அதைத் தறியில் வைத்து நெய்வது எப்படி? நம் பக்கத்தில் பட்டுக்கூடு பார்த்தவர்களுக்கு இதன் விடை எளிதாகப் புரியும். தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு வரும் கூட்டை அழுத்திப் பார்த்திருப்பீர்கள், ஓடு மாதிரி விறைப்பாக இருக்கும். புழு உமிழும் இழையோடு சேர்ந்து வரும் பசைதான் அந்த விறைப்புக்குக் காரணம். வெந்நீரில் போட்டால் பசை இளகி, இழையின் தலைப்பு கிடைக்கும். ஏழெட்டுக் கூட்டின் இழைகளைச் சேர்த்து ஒரே நூலாக இழுக்கிறார்கள், அந்த நூல் காய்ந்ததும் பசை மறுபடி இறுகிவிடும். அந்தப் பசையோடுதான் நூலை முறுக்குகிறார்கள், பசையோடுதான் நெய்கிறார்கள், முறுக்கு விலகாமல் பசை பிடித்து வைத்திருக்கும். தறியிலிருந்து இறங்கும்போது ஜார்ஜெட் ஒரு விறைத்த, தட்டையான, பார்க்கச் சுமாரான துணி. அதைச் சோப்பும் காரமும் போட்டுக் கொதிக்க வைத்துப் பசையை எடுக்கும்போதுதான் முறுக்குக்கு விடுதலை கிடைத்து, துணி சுருங்கி, நமக்குத் தெரிந்த ஜார்ஜெட் ஆகிறது. பசை போனதும் எடை கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு குறைந்துவிடும். பட்டு ஜார்ஜெட்டின் விலையில் இந்த இழப்பும் சேர்ந்தே இருக்கிறது.

ஷிபான் இதன் தங்கை. நெசவு அதேதான், முறுக்கும் உண்டு, ஆனால் நூல் இன்னும் சன்னம். ஏழெட்டுக் கூட்டிலிருந்து இழுத்த நூல் என்றேனே, அந்த நூல் 9000 மீட்டர் எடுத்து நிறுத்தால் 20 முதல் 22 கிராம் இருக்கும். ஒன்பது கிலோமீட்டருக்கு ஓர் இழையாக நீளும் நூல், கையில் வைத்தால் கனமே தெரியாது. ஷிபானில் பொதுவாக இதை ஒற்றையாக முறுக்கி நெய்வார்கள், ஜார்ஜெட்டில் இரண்டைச் சேர்த்து, முறுக்கைக் கூட்டி நெய்வார்கள். அதனால் ஷிபான் மெலிசு, வழவழப்பு, பின்னால் கை வைத்தால் கை தெரியும். ஜார்ஜெட் கொஞ்சம் கனம், மொரமொரப்பு, அந்த அளவுக்கு உள்ளே தெரியாது. கடையில் இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கையில் போட்டுப் பார்த்தால் ஷிபான் காற்றுக்கே அசையும், ஜார்ஜெட் தன் எடையில் நேராக விழும். சேலை கட்டும்போது மடிப்பு நிற்க வேண்டும் என்பவர்களுக்கு ஜார்ஜெட், மெலிசாகப் பறக்க வேண்டும் என்பவர்களுக்கு ஷிபான்.

இந்த இடத்தில் கிரேப்பையும் சொல்லிவிடுகிறேன், ஓசூர்ப் பக்கம் மைசூர் சில்க் வாங்கிக் கட்டுபவர்கள் நிறையப் பேர், அது கிரேப்தான். அதில் முறுக்கு ஊடையில்தான் அதிகம், பாவு கிட்டத்தட்டச் சாதாரணம். அதனால் துணி உள்ளே தெரியாமல் நிறைவாக, மினுமினுப்போடு இருக்கும், ஆனால் ஜார்ஜெட்டின் அந்த நொறுநொறுப்பு மட்டும் லேசாகத் தொட்டுச் செல்லும். பருத்தியில் இந்தக் குடும்பத்துக்குச் சொந்தக்காரர் ஃபுல் வாயில். நம் அம்மாக்கள் கோடைக்குக் கட்டும் வாயில் சேலை மெலிசாக இருந்தாலும் தொளதொளவென்று இல்லாமல் கலகலவென்று இருப்பது, நூலில் ஏற்றிய முறுக்கால்தான். ஜாக்கெட் துணியில் டூ பை டூ என்று கேட்டு வாங்குகிறோம் அல்லவா, பாவிலும் இரட்டை நூல், ஊடையிலும் இரட்டை நூல் என்பதுதான் அதன் அர்த்தம். டூ பை ஒன் என்றால் ஒரு பக்கம் மட்டும் இரட்டை. விலை குறைவாக இருப்பதன் காரணம் அதுதான்.

அடுத்தது நார். ஜார்ஜெட் என்ற பெயர் முறுக்கைத்தான் சொல்கிறது என்றால், எதை வேண்டுமானாலும் முறுக்கி ஜார்ஜெட் நெய்யலாம். முதலில் பட்டில்தான் நெய்தார்கள், இன்று நம் கடைகளில் தொங்குவதில் பெரும்பங்கு பாலியஸ்டர். வீடுகளில் பூனம் சேலை என்று சொல்லும், அலசி உதறினால் காய்ந்துவிடும் சேலைகளும் பெரும்பாலும் இந்த ரகம்தான். நடுவில் விஸ்கோஸ் ஜார்ஜெட் என்று ஒன்று உண்டு, மரக்கூழிலிருந்து எடுக்கும் நார், பட்டுப் போலவே வழியும், விலையில் பட்டை விட ரொம்பக் குறைவு. "ப்யூர் ஜார்ஜெட்" என்று கடைக்காரர் சொன்னால் உடனே "ப்யூர் என்னங்க அண்ணா, பட்டா, விஸ்கோஸா?" என்று கேளுங்கள். சிலர் பட்டைச் சொல்வார்கள், சிலர் பாலியஸ்டர் கலக்காத விஸ்கோஸைச் சொல்வார்கள், இரண்டுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் தூரம்.

பார்வையில் மூன்றையும் பிரிப்பது அனுபவசாலிக்கே கஷ்டம். நெருப்பு சொல்லிவிடும். துணியிலிருந்து பாவில் நாலைந்து நூல், ஊடையில் நாலைந்து நூல் தனித்தனியாக உருவி, இடுக்கியால் பிடித்து, தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் தட்டின் மேல் வைத்துக் கொளுத்துங்கள். பாலியஸ்டர் நெருப்புக்குப் பக்கத்தில் போனதுமே சுருங்கி ஒதுங்கும், உருகும், ஆறியதும் கடினமான கறுப்பு மணி போல நிற்கும், நகத்தால் நசுக்க முடியாது. பட்டு மெதுவாக எரியும், நெருப்பை எடுத்தால் அணையப் பார்க்கும், முடி கருகும் வாசம் வரும், மிஞ்சும் கறுப்பு சாம்பல் விரலில் பொடியாகிவிடும். விஸ்கோஸும் பருத்தியும் காகிதம் போல எரிந்து சாம்பலாகும், வாசமும் காகித வாசம். அந்த இரண்டையும் பிரிக்க ஒரு நூலை நடுவில் மட்டும் நாக்கால் தொட்டு ஈரமாக்கி இழுங்கள். விஸ்கோஸ் ஈரத்தில் பலம் இழக்கும், ஈரமான இடத்தில் சட்டென்று அறும். பருத்திக்கு ஈரத்தில் பலம் குறையாது. பாவையும் ஊடையையும் தனியாகக் கொளுத்தச் சொன்னது ஏனென்றால் ஒன்று ஒரு நார், மற்றது வேறு நாராக நெய்த துணிகள் ஏராளம். ஒரே நூலுக்குள்ளேயே இரண்டு நார் கலந்திருந்தால் மட்டும் இந்தச் சோதனையில் தெளிவான விடை கிடைக்காது.

நார் தெரியாததால் வரும் நஷ்டம் எப்படி இருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காரிமங்கலத்தில் ஒரு தங்கை குர்த்திக்காக இரண்டரை மீட்டர் விஸ்கோஸ் ஜார்ஜெட் எடுக்கிறாள் என்று வையுங்கள். பாலியஸ்டர் ஜார்ஜெட் தைத்துப் பழக்கப்பட்ட கை, அதனால் நனைக்காமலே வெட்டி, உள்ளே பருத்தி லைனிங் கொடுத்துத் தைத்துவிடுகிறாள். தைத்த அன்று அழகாக இருக்கும். முதல் தடவை தண்ணீரில் போட்டதும் விஸ்கோஸ் நார் தண்ணீர் குடித்து உப்பும், உப்பிய நார் ஏற்கெனவே இறுக்கமாக இருக்கும் முறுக்கை இன்னும் இறுக்கும், நூல் நீளத்தில் குறையும். மேல்துணி சுருங்கிவிட்டது, லைனிங் அந்த அளவுக்குச் சுருங்கவில்லை, கீழ் ஓரத்தில் லைனிங் எட்டிப் பார்க்கும், தையலெல்லாம் சுருக்கம் சுருக்கமாக இழுத்துக்கொள்ளும். தையல்காரர் மேல் கோபம் வரும், ஆனால் தையலில் குற்றம் இல்லை.

வெட்டுவதற்கு முன் ஓரத்தில் 20 சென்டிமீட்டருக்கு 20 சென்டிமீட்டர் சதுரம் ஒன்று வெட்டி, வழக்கமாகத் துவைக்கும் தண்ணீரில் நனைத்து, பிழியாமல் தட்டையாகக் காயவைத்து அளந்திருந்தால் தெரிந்திருக்கும். 20 சென்டிமீட்டர் 19 ஆகியிருந்தால் நூற்றுக்கு ஐந்து சுருங்குகிறது. இரண்டரை மீட்டருக்குக் கணக்குப் போட்டால் 12 சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் கூடவே போய்விடும், ஏறக்குறைய அரைச் சாண் பக்கம் வரும். அப்படியிருந்தால் முழுத் துணியையும் லைனிங்கையும் நனைத்துக் காயவைத்து, அப்புறம் வெட்ட வேண்டும், கூடவே கால் மீட்டர் சேர்த்து வாங்க வேண்டும். நீளவாக்கிலும் அகலவாக்கிலும் தனித்தனியாக அளந்துகொள்ளுங்கள், இரண்டும் ஒரே அளவு சுருங்கும் என்று நினைக்காதீர்கள். பட்டு ஜார்ஜெட்டாக இருந்தால் தண்ணீரில் போடுவதற்கு முன் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்வது நல்லது, பலதும் டிரை வாஷுக்கு மட்டுமே. பாலியஸ்டருக்கு இந்தத் தொல்லை ஏறக்குறைய இல்லை, ஆனால் நூறு கிராம் பருத்தி காற்றிலிருந்து எட்டு கிராம் ஈரம் வாங்கி வைத்துக்கொள்ளும் இடத்தில் பாலியஸ்டர் அரை கிராம்கூட வாங்காது. சித்திரை வெயிலில் அரூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் பாலியஸ்டர் ஜார்ஜெட்டோடு உட்கார்ந்தவர்களுக்கு அதன் பொருள் தெரியும்.

ஷிபானில் வேறு ஒரு பிரச்சினை. ஜாக்கெட்டோ டாப்ஸோ தைத்தால் அக்குள் பக்கம் தையல் விட்டுப்போனதாகக் கொண்டு வருவார்கள். பார்த்தால் தையல் நூல் முழுசாக இருக்கும், துணியின் நூல்கள்தான் தையலை விட்டு ஒதுங்கி ஏணி மாதிரி இடைவெளி விட்டிருக்கும். வழவழப்பான சன்ன நூல், நெருக்கமில்லாத நெசவு, இழுப்பு வந்தால் நூல் நகர்ந்துவிடும். வாங்கும்போதே இரண்டு கட்டைவிரலையும் பக்கத்தில் வைத்து துணியை எதிரெதிராக இழுத்துப் பாருங்கள். நூல் விலகி, விட்டபிறகும் அந்த இடைவெளி அப்படியே நின்றால், அந்தத் துணியை உடம்பை ஒட்டிய அளவில் தைக்கக் கூடாது. சேலையாகவோ துப்பட்டாவாகவோ வைத்துக்கொள்ளலாம், அல்லது தொளதொளவென்று தைத்து உள்ளே லைனிங்கோடு சேர்த்தே தையல் போட வேண்டும்.

கடைசியாகக் கதர். இதில் நெசவு சாதாவாகவும் இருக்கலாம், சாய்வரியாகவும் இருக்கலாம், நார் பருத்தியாகவும் பட்டாகவும் கம்பளியாகவும் இருக்கலாம். சொரசொரப்பான, வெளிர் நிறத்துத் துணிக்கெல்லாம் கதர் என்று பெயர் வைத்து விற்கிறார்கள், எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம் உண்டு, ஏனென்றால் கதருக்குச் சட்டத்திலேயே வரையறை இருக்கிறது. 1956ஆம் ஆண்டின் கதர் மற்றும் கிராமத் தொழில்கள் ஆணையச் சட்டப்படி, இந்தியாவில் கையால் நூற்ற பருத்தி, பட்டு, கம்பளி நூலை இந்தியாவிலேயே கைத்தறியில் நெய்தால்தான் கதர். நூற்பதும் கை, நெய்வதும் கை. இரண்டில் ஒன்று தவறினாலும் அது கதர் இல்லை.

நூற்பாலையில் நூற்ற நூலைக் கைத்தறியில் நெய்தால் அது கைத்தறித் துணி. கோ-ஆப்டெக்ஸில் வாங்கும் சேலை, வேட்டி, போர்வையெல்லாம் இந்த வகை. அதே ஆலை நூலை விசைத்தறியில் நெய்தால் விசைத்தறித் துணி. மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே மாதிரி தெரியலாம், ஆனால் நூலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கதரில் நூல் ஒரு இடத்தில் சன்னமாகவும் ஒரு இடத்தில் தடித்தும் போகும், முறுக்கும் இடத்துக்கு இடம் மாறும். தடித்த இடத்தில் முறுக்கு குறைவு, சன்னமான இடத்தில் முறுக்கு கூட. கையால் நூற்கும்போது முறுக்கு எப்போதும் சன்னமான இடத்தைத் தேடித்தான் ஓடும். முறுக்கு குறைந்த அந்தத் தடித்த இடங்கள்தான் வியர்வையை உறிஞ்சுகின்றன, துவைக்கத் துவைக்கத் துணி மெத்தென்று ஆவதும் அதனால்தான். புதிதாக வாங்கிய கதர் சட்டை விறைப்பாகக் குத்துகிறது என்று ஓரம் கட்டிவிடாதீர்கள், அது பாவுக்குப் போட்ட கஞ்சி, நாலைந்து துவையலில் போய்விடும்.

நூல் மேடு பள்ளமாக இருப்பது மட்டுமே கதருக்குச் சாட்சி ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். ஆலையிலேயே வேண்டுமென்று மேடு பள்ளமாக நூற்று, விசைத்தறியில் நெய்து, கதர் மாதிரி விற்கிறார்கள். அந்தப் போலி நூலில் தடித்த இடங்கள் ஏறக்குறைய ஒரே நீளத்தில், எடுப்பாக, திரும்பத் திரும்ப வரும். கதரில் அது ஒழுங்கில்லாமல், பெரும்பாலும் மெல்லியதாக இருக்கும். அது கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் கதர் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சர்வோதய சங்கக் கடைகளிலும் காதி கிராப்ட் கடைகளிலும் வாங்கினால் இந்தக் கவலை குறைவு. அங்கேயும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பாலி வஸ்திரா என்று தனியாக ஒரு ரகம் அடுக்கியிருப்பார்கள். பாலியஸ்டரும் பருத்தியும் கலந்த நாரை ராட்டையில் நூற்றுக் கைத்தறியில் நெய்தது, 67 பங்கு பாலியஸ்டர், 33 பங்கு பருத்தி. சுருங்காது, தேய்க்க எளிது, நிறைய நாள் உழைக்கும். வெயிலுக்காகக் கதர் தேடிப் போனவர் இதை எடுத்து வந்துவிடக் கூடாது. சட்டையின் உள்காலரிலோ துணியின் ஓரத்திலோ இருக்கும் எழுத்தைப் படித்துவிட்டு, சந்தேகமாக இருந்தால் "இது முழுப் பருத்திக் கதரா, பாலியா?" என்று கேட்டால் அங்கிருப்பவர்கள் நேராகவே சொல்லிவிடுவார்கள்.